விலை ஏறினால் வட்டியை ஏற்றலாமா?

[திரையில்: ஃபிராங்க்ஃபர்ட், 2011]

2011 ஏப்ரலில் ஐரோப்பிய மத்திய வங்கி தன் வட்டியை 1 சதவீதத்திலிருந்து 1.25 ஆக உயர்த்தியது. ஜூலையில் 1.5. லிபியாவில் போர், கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல், பணவீக்கமோ இலக்கான 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. விலைவாசி ஏறினால் வட்டியை ஏற்று என்பதுதானே பாடம்?

சரி, அன்றைக்கு மக்கள் கையில் காசு புரண்டதா என்றால், இல்லை. யூரோ நாடுகளில் வேலைக்கு வரத் தயாராக இருந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வேலை இல்லை. கடையில் கூட்டம் கூடியதால் விலை ஏறவில்லை. எரிபொருளும் மூலப்பொருளும் விலை கூடி, பொருளை உண்டாக்கும் செலவே ஏறிவிட்டது. இது செலவு உந்து பணவீக்கம்.

வட்டியை ஏற்றினால் கடன் வாங்குவது குறையும், செலவழிப்பது குறையும். ஆனால் லிபியாவிலிருந்து ஒரு பீப்பாய் எண்ணெய்கூடக் கூடுதலாக வராது. ஏற்கெனவே பெட்ரோல் செலவில் இளைத்திருந்த குடும்பத்துக்கு இரண்டாவது அடி, அவ்வளவுதான். சரக்கு வரத்தைக் கூட்டுவதுதான் இதற்கு நேரான மருந்து. அதே ஆண்டு ஜூனில் சர்வதேச எரிசக்தி முகமை, உறுப்பு நாடுகளின் அவசரக் கையிருப்பிலிருந்து 6 கோடி பீப்பாய் விடுவதாக அறிவித்தது அந்த வழி.

நவம்பரில் வங்கியின் தலைவராக மரியோ திராகி வந்தார். அந்த மாதமும் டிசம்பரிலும் வட்டியைக் குறைத்து, மீண்டும் 1 சதவீதத்துக்கே கொண்டுவந்தார். மந்தநிலையோ 2013 தொடக்கம் வரை நீண்டது. பழி முழுவதையும் வட்டி மேல் போட முடியாது, யூரோ நாட்டு அரசுகளின் கடன் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் அந்த இரண்டு உயர்வுகள் தவறு என்பதே என் கணிப்பு.

[திரையில்: அமெரிக்கா, 2021]

இங்கே கதை வேறு. மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் கொரோனா நிவாரணத் திட்டம். பெரும்பாலானோருக்குத் தலைக்கு 1,400 டாலர். காசு கைக்கு வந்தது, வாங்க ஆளும் வந்தார்கள், அந்த வேகத்துக்குச் சரக்கு வரவில்லை. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். இதில் தேவை இழுப்புப் பணவீக்கத்தின் பங்கு பெரியது. இங்கே வட்டி சரியான இடத்தில் போய்ப் பிடிக்கும். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2023 ஜூலைக்குள் அதை 5.25-5.5 சதவீதம் வரை ஏற்றியது.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விலையை மட்டும் பார்த்தால் தெரியாது. கூடவே உற்பத்தியும் வேலைவாய்ப்பும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் தேவை இழுக்கிறது. விலை ஏற, உற்பத்தி சுருங்கினால் செலவு உந்துகிறது.

நிஜத்தில் இரண்டும் கலந்தே வரும். அமெரிக்காவிலேயே சிப் தட்டுப்பாட்டால் புது கார் வராமல், பழைய கார் விலை எகிறியது. அப்புறம், எண்ணெயால் தொடங்கிய ஏற்றமும் அதோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. "விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும்" என்று நினைத்துத் தொழிலாளர் கூலி கேட்க, முதலாளி அதை விலையில் ஏற்ற, ஒன்றையொன்று துரத்தத் தொடங்கினால், அந்தக் கட்டத்தில் மத்திய வங்கி சும்மா இருக்க முடியாது.