குழு விவாத அறிவிப்பில் நான்கு நேரங்கள்: தாமதமாக வந்தால் என்ன நடக்கும்?

வணக்கம் நண்பர்களே. குழு விவாதத்திற்கான அழைப்பு வந்தவுடன் பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு நேரத்தைத் தேடி எடுத்து மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். 'எனக்குப் பத்தேகாலுக்கு' என்கிறார்கள். அந்தப் பத்தேகால் எதற்கான நேரம் என்று கேட்டால் பதில் வருவதில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குழு விவாதங்களை ஒருங்கிணைக்கும் பக்கத்தில் இருந்து வேலை பார்த்தவன் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

திரையில் ஒரு மாதிரி அறிவிப்பை வைத்திருக்கிறேன். விளக்குவதற்காக நானே எழுதியது. மொத்தம் 24 தேர்வர்கள், பேட்ச் ஒன்றுக்கு 8 பேர், மூன்று பேட்ச். இரண்டாவது பேட்சை எடுத்துக்கொள்வோம். வரிசை எண் 9 முதல் 16 வரை இருப்பவர்கள் இதில் வருவார்கள். அவர்கள் வந்து சேர வேண்டிய நேரம் காலை 9.15. பதிவு முடியும் நேரம் 9.45. அறை வாசலில் வரிசையாக நிற்க வேண்டிய நேரம் 10.05. தலைப்பு அறிவிக்கப்படும் நேரம் 10.15. மூன்றாவது பேட்சுக்கு இதே நான்கும் 10.00, 10.30, 10.50, 11.00.

எல்லா அறிவிப்பிலும் நான்கும் அச்சிடப்பட்டிருக்காது. வந்து சேர வேண்டிய நேரத்தையும் தொடங்கும் நேரத்தையும் மட்டும் போட்டு விட்டுவிடுவார்கள். இது சரியான வழக்கம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் தாமதமாக வருபவரின் கதி முடிவாவது நடுவில் இருக்கும் அந்த 9.45 என்ற நேரத்தில்தான். அது அறிவிப்பில் இல்லையென்றால் அழைப்புக் கடிதத்தில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு முன்னதாகவே பேசி, 'பதிவு எத்தனை மணிக்கு முடியும்?' என்று கேட்டுவிடுங்கள். கேட்பதால் உங்கள் மதிப்பெண்ணில் எதுவும் குறையாது. அந்த எண்ணில் பேசுபவருக்கும் மதிப்பெண் போடுபவருக்கும் தொடர்பே இல்லை.

சரி, 9.15 முதல் 10.15 வரை ஒரு மணி நேரம் என்ன வேலை? முதலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. அடுத்து அழைப்புக் கடிதமும் புகைப்பட அடையாள அட்டையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். சான்றிதழ் சரிபார்ப்பும் அதே நாளில் இருந்தால் அதுவும் இங்கேதான். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 8 பேருக்கு 24 நிமிடம் ஆகிவிடும். பதிவுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவது இப்படித்தான் வருகிறது. அதன் பிறகு கைப்பேசியை வாங்கி வைப்பார்கள். கடைசியாக 1 முதல் 8 வரை எண் போட்ட வில்லை ஒன்றைச் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுப்பார்கள்.

இந்த வில்லை விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் வரிசையின் முக்கியத்துவம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. மதிப்பீட்டாளரின் கையில் இருக்கும் தாளில் பல இடங்களில் உங்கள் பெயர் இருக்காது. ஒன்று முதல் எட்டு வரை எட்டு வரிசைகள் இருக்கும். 9ஆம் எண் தேர்வர் முதல் இருக்கை, 10 இரண்டாவது, அப்படியே 16 எட்டாவது. நீங்கள் பேசும்போது அவர் இருக்கை எண்ணைப் பார்த்து அந்த வரிசையில் குறித்துக்கொண்டே போவார். தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்து, பெயரைத் தேடிப் பிறகு எழுத அவருக்கு நேரம் இல்லை. ஆகவே நண்பர் பக்கத்தில் உட்கார வேண்டும், ஜன்னல் ஓரம் காற்று வரும் என்று இருக்கை மாறி உட்கார்ந்தீர்கள் என்றால் நீங்கள் பேசிய பேச்சு இன்னொருவர் வரிசையில் ஏறிவிடும். யார் முதலில் வந்தார்கள் என்பதற்கும் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. 16ஆம் எண் தேர்வர் காலை எட்டு மணிக்கே வந்தாலும் அவருக்கு எட்டாவது இருக்கைதான்.

இப்போது தாமதத்திற்கு வருவோம். இரண்டாவது பேட்சில் 12ஆம் எண் தேர்வர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நான்காவது இருக்கை.

அவர் 9.40க்கு வருகிறார். 9.15 தாண்டிவிட்டது, ஆனால் பதிவு முடியவில்லை. ஒன்றும் ஆகாது. அவருக்கு முன்னால் வந்தவர்களின் சரிபார்ப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இருக்கை எண் மாறாது. தாமதமாக வந்தார் என்ற குறிப்பு மதிப்பீட்டாளரிடம் போவதும் வழக்கம் இல்லை.

அவர் 9.55க்கு வந்தால் நிலைமை வேறு. 9.45க்கே இரண்டாவது பேட்சின் பட்டியலை மூடி, வந்தவர்கள் ஏழு பேர், நான்காவது இருக்கை காலி என்று எழுதி உள்ளே அனுப்பியிருப்பார்கள். விவாதம் தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே, ஏன் விடக்கூடாது என்று வாசலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மேசையில் இருப்பவர் அப்போது ஏழு பேரை அழைத்துப் போய் வாசலில் நிறுத்தும் வேலையில் இருக்கிறார். பத்து மணிக்கு மூன்றாவது பேட்ச் பதிவுக்கு வந்து நிற்கும். ஒருவருக்காகச் சரிபார்ப்பை மறுபடி திறந்தால் அந்தத் தாமதம் மூன்றாவது பேட்ச் எட்டுப் பேர் தலையிலும் விழும்.

அதனால் பல அறிவிப்புகளில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'பதிவு முடிந்த பின் வருபவர்கள், காலியிடம் இருந்தால் மட்டும், அடுத்த பேட்சில் சேர்க்கப்படலாம்.' இதில் 'இருந்தால்', 'படலாம்' ஆகிய இரண்டையும் கவனியுங்கள். இது உரிமை அல்ல, ஒருங்கிணைப்பாளரின் விருப்புரிமை. மூன்றாவது பேட்சில் காலியிடம் இருக்கிறதா என்பது 10.30க்கு அந்தப் பதிவு முடிந்தால்தான் தெரியும். ஆக 9.55க்கு வந்தவர் 35 நிமிடம் பதில் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த நேரத்தில் வெளியே போய்வரக் கூடாது. இரண்டாவது பேட்ச் பேசி முடித்து வெளியேறும்போது அவர்களோடு கலந்துவிட்டால், அந்தக் காரணத்தாலேயே சேர்க்க மறுக்கலாம். பேட்சுக்குப் பேட்ச் தலைப்பு மாறும் என்றாலும் கேள்வியின் போக்கு எப்படி, யார் மதிப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே ஒருவருக்கு மட்டும் தெரியக்கூடாது.

மூன்றாவது பேட்சில் 21ஆம் எண் தேர்வர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது இருக்கை காலி. நம்முடைய 12ஆம் எண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது. இங்கேதான் ஒரு தவறு நடக்க வாய்ப்பிருக்கிறது. அவசரத்தில் அவருக்கென்று முன்பே எடுத்து வைத்திருந்த 4 என்ற வில்லையையே கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது பேட்சில் நான்காவது வரிசை 20ஆம் எண் தேர்வருக்கு உரியது. அறைக்குள் இரண்டு 4 இருந்தால் மதிப்பெண் யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே இப்படி மாற்றப்பட்டால், உங்களுக்குக் கொடுத்த வில்லை காலியான இருக்கையின் எண்தானா என்று பாருங்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் மூன்றாவது பேட்ச் பக்கத்தில் எழுதப்பட்டு, பக்கத்தில் ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்து இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டாவது பேட்ச் பக்கத்தில் உங்கள் எண்ணுக்கு நேரே 'வரவில்லை' என்று இருக்கும். மாற்றத்தை அங்கேயும் குறிக்கவில்லையென்றால், முடிவுகளைத் தொகுப்பவர் அதை மட்டும் பார்த்துவிட்டு உங்களை விட்டுவிடக்கூடும்.

காலியிடம் இல்லையென்றால் ஒன்பதாவது நாற்காலி போட மாட்டார்களா? போடக் கூடாது என்பேன். விவாதம் 20 நிமிடம். எட்டுப் பேருக்குச் சராசரியாக ஆளுக்கு இரண்டரை நிமிடம் வருகிறது. ஒன்பதானால் அது இரண்டே கால் நிமிடத்திற்கும் கீழே போய்விடும். சரியான நேரத்திற்கு வந்த எட்டுப் பேரிடம் இருந்து எடுத்துத் தாமதமாக வந்தவருக்குக் கொடுப்பதாகும் அது. இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். ஐந்து பேர் மட்டுமே வந்த பேட்சில் ஆளுக்கு நான்கு நிமிடம் கிடைக்கும், அவர்களை மற்ற பேட்சுகளோடு ஒப்பிட முடியாது. அதனால்தான் குறைந்தது இத்தனை பேர் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே போனால் காத்திருப்பவர்களைச் சேர்க்கிறார்கள்.

மூன்றாவது நிலை, 10.17. தலைப்பு சொல்லியாகிவிட்டது. யோசிக்கக் கொடுக்கும் மூன்று நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவு மூடியிருக்கும். இந்த நேரத்தில் வந்தவரை 'வரவில்லை' என்றே பதிவு செய்வார்கள். உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். பேசுபவர் திரும்பிப் பார்க்கிறார், வாக்கியம் பாதியில் நிற்கிறது, அடுத்தவர் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்கிறார். இழந்தவருக்கு அதை எந்த மதிப்பீட்டாளராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. கதவைத் திறக்காத ஒருங்கிணைப்பாளரைக் கல்நெஞ்சர் என்று நினைக்காதீர்கள்.

அப்படியானால் 10.17க்கு வந்தவரை மூன்றாவது பேட்சில் சேர்க்கலாமே, அதன் பதிவு இன்னும் திறந்துதானே இருக்கிறது? அறிவிப்பில் உள்ள வாசகத்தைப் பொறுத்தது. பதிவு முடிந்த பின் வருபவர்கள் என்று பொதுவாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். தலைப்பு அறிவித்த பின் வருபவர்கள் வராதவர்களாகக் கருதப்படுவார்கள் என்று தனியாக ஒரு வரி இருந்தால் வழி இல்லை. இரண்டு வரியும் இருக்கிறதா என்று இன்றைக்கே படித்துப் பாருங்கள். 'வரவில்லை' என்றான பின் நேர்காணலுக்கு அழைப்பார்களா என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கும். குழு விவாதம் தகுதிச் சுற்றாக இருந்தால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். மதிப்பெண் மட்டும் சேர்க்கப்படும் சுற்றாக இருந்தால் பூச்சியத்தோடு தொடர விடும் இடங்களும் உண்டு.

வேறொரு தேர்வு அதே நாளில் இருக்கிறது, அல்லது பயணத்தில் சிக்கல் வரும் என்று முன்பே தெரிந்தால் பேட்ச் மாற்றத்தை எழுத்தில் கேளுங்கள். வரிசை எண், இப்போதைய பேட்ச், கேட்கும் பேட்ச், காரணம், அதற்கான ஆவணம். ஐந்து வரி போதும். பதில் எழுத்தில் வரும்வரை பழைய நேரமே உங்கள் நேரம். தொலைபேசியில் ஒருவர் 'பார்த்துக்கொள்ளலாம், வாருங்கள்' என்றால் அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதையே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால் வந்து சேர வேண்டிய நேரத்திற்கு முன்பே அழையுங்கள். நம் மாதிரியில் அது 9.15க்கு முன். எண், பேட்ச், எத்தனை மணிக்கு வந்து சேர முடியும், இந்த மூன்றையும் சொல்லுங்கள். போக்குவரத்து நெரிசலைப் பற்றி விளக்க வேண்டாம். 9.15க்கு அப்புறம் அந்தத் தொலைபேசி பதிவு மேசையில் அடித்துக்கொண்டிருக்கும், எடுக்க ஆள் இருக்காது.