ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: பங்குனிப் பொங்கல் விழாக் குழுப் பொருளாளர் உரை

விழாக் குழுத் தலைவர் அய்யா அவர்களே, நாட்டாண்மை அவர்களே, வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பூசாரி அண்ணன் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். திரையும் புரொஜெக்டரும் கொடுத்துதவிய பள்ளித் தலைமையாசிரியர் அய்யாவுக்கும், பந்தலை இன்றுவரை பிரிக்காமல் விட்டு வைத்த பந்தல்காரத் தம்பிக்கும் குழுவின் சார்பில் நன்றி. இந்த வருடம் 210 தலைக்கட்டும் வரி கட்டிவிட்டது. ஒரு வீடுகூடப் பாக்கி இல்லை. உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

மூன்று படங்கள் காட்டப்போகிறேன். முதலில் வரவு, அடுத்து செலவு, கடைசியில் பொருளாக வந்த நன்கொடை. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். அம்மனுக்குப் போடுவதையும் அளந்துதான் போட வேண்டும்.

இதோ வரவு. தலைக்கட்டுக்கு ஆயிரம் வீதம் 2,10,000 ரூபாய். மண்டகப்படிக்காரர்கள் கொடுத்தது 60,000. ரசீது போட்டும் வங்கி வழியாகவும் வந்த நன்கொடை 2,16,500. மொத்தம் 4,86,500. உண்டியல் காசு இதில் கிடையாது. நம் கோயில் அறநிலையத் துறையில் இருப்பதால் உண்டியலை அவர்கள்தான் திறந்து எண்ணுவார்கள். குழு அதைத் தொட முடியாது. வருடாவருடம் யாராவது கேட்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு 4,52,300. மீதி 34,200. அதில் வங்கியில் 31,000, ரொக்கம் 3,200. ஆனால் போன மாதம் என் நோட்டில் மீதி 58,700 என்று நின்றது. கையில் இருப்பதைவிட 24,500 ரூபாய் அதிகம். பொருளாளர் நோட்டில் பணம் இருந்து கையில் இல்லாவிட்டால் ஊர் என்ன நினைக்கும்? மூன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. கூட்டல் தப்போ என்று நான்கு தடவை கூட்டினேன். வவுச்சர்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். கூட்டல் சரி, வவுச்சரும் சரி.

அப்புறம்தான் எட்டாம் நம்பர் ரசீதுப் புத்தகம் ஞாபகம் வந்தது. 701 முதல் 800 வரை. திருப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் வசூலிக்கப் போன புத்தகம் அது. விழா முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. வந்ததும் அடிக்கட்டையைக் கூட்டினோம். 40 ரசீது, 38,500 ரூபாய். அப்படியே வரவில் எழுதிவிட்டோம். தப்பு நடந்த இடம் அதுதான். அந்த 40 பேரில் 26 பேர் கையில் காசு கொடுக்கவில்லை, விழாவுக்கு முன்பே ஜிபேயில் நேராகக் குழுக் கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அது யார் பணம் என்று தெரியாததால் 'பெயர் தெரியாத வங்கி வரவு' என்று 24,500 ரூபாயை அப்போதே எழுதி வைத்திருந்தேன். ஒரே பணம் இரண்டு தடவை ஏறிவிட்டது.

கண்டுபிடித்தது எப்படி? 717ஆம் அடிக்கட்டையில் குங்குமக் கறைக்குப் பக்கத்தில் பென்சிலால் 'போன்' என்று பொடியாக எழுதியிருந்தது. ரூபாய் 2,000. பாஸ்புக்கைப் புரட்டினால் அதே தேதியில் அதே 2,000. உடனே மற்ற 39 கட்டைகளையும் பாஸ்புக்கோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். 717ஐயும் சேர்த்து 26 ஒட்டிக்கொண்டன. மிச்சம் 14 பேர் ரொக்கமாகக் கொடுத்த 14,000 மட்டும்தான் புது வரவு. இரட்டிப்பாக ஏறிய 24,500ஐ அடித்தவுடன் நோட்டும் கையிருப்பும் சரியாக நின்றன. விடிகாலை நாலு மணி. அங்கேயே விழுந்து அம்மனைக் கும்பிட்டேன்.

புத்தகம் கொண்டுபோன பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு பைசா குறையவில்லை. குறை நம் முறையில்தான். அதனால்தான் இரண்டு வருடமாகக் கத்துகிறேன்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. விழா முடிந்த மூன்றாம் நாள் எல்லாப் புத்தகமும் வந்துவிட வேண்டும், ஒரு தாள்கூடக் கிழிக்காத புத்தகமும் சேர்த்து. எழுதும்போது தப்பாகிப்போன ரசீதைக் கிழித்து எறியாமல், குறுக்கே கோடு போட்டு அடிக்கட்டையோடு வைக்க வேண்டும். இனி அச்சடிக்கும் ரசீதில் ரொக்கமா வங்கியா என்று இரண்டு கட்டம் இருக்கும். வங்கி என்றால் போனில் வரும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணில் கடைசி நாலு இலக்கத்தை எழுதிவிடுங்கள், போதும். எந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, எந்த நம்பர் வரை கிழித்தது என்ற பட்டியலை மண்டபச் சுவரில் ஒட்டுவதற்கு இந்தக் கூட்டமே தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செலவுப் படம் திரையில் ஓடட்டும். பந்தல், மேளம், மைக் செட், அன்னதானம் எல்லாவற்றுக்கும் வவுச்சர் ஃபைலில் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். பொருளாக வந்த அரிசி மூட்டைகளைப் பற்றிப் பேச நேரமில்லை. அங்கே இலை போட்டாகிவிட்டது.

ஆடிக் கூழுக்கு வசூல் இன்றே ஆரம்பம். புதுப் புத்தகங்கள் மேஜை மேல் இருக்கின்றன. பக்கத்து நோட்டில் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புத்தகத்தைத் தலைவர் அய்யா பெற்றுக்கொள்ள வேண்டும்.