டிரைவ் ஓடினால் எடை தாவுகிறதா? மோட்டார் கேபிளின் ஷீல்டைப் பாருங்கள்

[காட்சி: எடை இண்டிகேட்டரின் திரை, நெருக்கத்தில். இலக்கங்கள் அசையாமல் நிற்கின்றன. பின்னணியில் மோட்டார் கிளம்பும் ஒலி. இலக்கங்கள் தாவத் தொடங்குகின்றன.]

வணக்கம். பினாங்கில், பிறை தொழிற்பேட்டையில், கால்நடைத் தீவனம் மூட்டை போடும் ஒரு வரிசை என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒரு தொட்டி, 100 கிலோ லோட் செல்லில் தொங்குகிறது. ஸ்குரூ கன்வேயர் ஒன்று தீவனத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அதில் கொட்டுகிறது. கன்வேயருக்கு 5.5 கிலோவாட் மோட்டார். அதை ஓட்டுவது பேனலில் இருக்கும் டிரைவ், நம்மில் பலர் இன்வெர்ட்டர் என்று சொல்வது. பேனலிலிருந்து மோட்டாருக்கு 30 மீட்டர் கேபிள்.

கன்வேயர் நிற்கும்போது எடை அசையாமல் நிற்கிறது. ஓடத் தொடங்கியதும் 200 கிராம் மேலே போகிறது, கீழே வருகிறது. மூட்டைகளின் எடை ஒத்துவருவதில்லை. எல்லாரும் முதலில் நினைப்பது அதிர்வு. லோட் செல்லை மாற்றுவார்கள், தொட்டியின் தாங்கியில் ரப்பர் வைப்பார்கள். பலன் இருக்காது.

அதிர்வா, மின் இரைச்சலா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. டிரைவுக்கு மின்சாரம் இருக்கட்டும், ரன் கொடுக்க வேண்டாம். எடையைப் பாருங்கள், நிலையாக இருக்கும். இப்போது வேகத்தை 0 ஹெர்ட்ஸில் வைத்து ரன் கொடுங்கள். தண்டு சுழலாது. ஆனால் டிரைவின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அடைத்துத் திறக்கத் தொடங்கிவிடும். அந்த நொடியே எடை தாவினால், காரணம் அதிர்வு இல்லை. சில டிரைவ்கள் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே அவுட்புட்டைத் திறக்கவே திறக்காது. அப்படியானால் கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரை மட்டும் மெதுவாகச் சுற்றவிட்டுப் பாருங்கள்.

இன்னொரு உறுதிப்பாடும் உண்டு. டிரைவின் கேரியர் அதிர்வெண்ணை, அதாவது அந்த டிரான்சிஸ்டர்கள் அடைத்துத் திறக்கும் வேகத்தை, 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள். மோட்டார் சற்று இரையும். எடையின் தாவல் குறைந்தால், நாம் தேட வேண்டிய இடம் மோட்டார் கேபிள்தான்.

[காட்சி: டிரைவ் அவுட்புட்டின் அலை வடிவம். செங்குத்தாக ஏறி இறங்கும் துடிப்புகள்.]

இது ஏன் நடக்கிறது? 400 வோல்ட் சப்ளையை டிரைவ் உள்ளே டிசியாக மாற்றி வைத்திருக்கிறது. அது சுமார் 565 வோல்ட். அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் 0 வோல்ட்டிலிருந்து 565 வோல்ட்டுக்கு ஏற 0.2 மைக்ரோ வினாடி போதும். இப்படிப்பட்ட விளிம்புகள் வினாடிக்குப் பல்லாயிரம்.

கேபிளின் உள்கம்பிக்கும் வெளியே இருக்கும் எர்த்துக்கும் இடையில், நாம் வைக்காமலே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. மீட்டருக்கு 200 பிகோபாரட் என்று வைத்தால், 30 மீட்டருக்கு 6 நானோபாரட். கணக்கு இதுதான்:

```
i = C × dV/dt
  = 6 nF × 565 V / 0.2 µs
  ≈ 17 A
```

நீண்ட கேபிளின் சொந்த இண்டக்டன்ஸ் இந்த உச்சத்தைக் குறைத்துவிடும். 17 ஆம்பியர் முழுதாக வராது. ஆனாலும் ஒவ்வொரு விளிம்பிலும் சில ஆம்பியர், கண் இமைப்பதை விடப் பல மடங்கு குறுகிய நேரத்துக்கு, எர்த் பக்கம் கசிகிறது. 5.5 கிலோவாட் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டமே ஏறத்தாழ 11 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

டிரைவிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். எந்த வழியாகத் திரும்புகிறது என்பதுதான் கேள்வி. கேபிளுக்கு ஷீல்டு இல்லை, அல்லது இருந்தும் சரியாகக் கட்டவில்லை என்றால், அது கேபிள் டிரே வழியாக, கட்டட இரும்பு வழியாக, தொட்டியின் சட்டம் வழியாக, லோட் செல் கேபிளின் ஷீல்டு வழியாகத் திரும்பும்.

லோட் செல்லுக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், அதன் முழு சிக்னலே 20 மில்லிவோல்ட்தான். 10 வோல்ட் கொடுத்தால், வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட். 100 கிலோவுக்கு 20 மில்லிவோல்ட் என்றால், ஒரு மைக்ரோவோல்ட்டுக்கு 5 கிராம். நாம் பார்த்த 200 கிராம் தாவலுக்கு 40 மைக்ரோவோல்ட் போதும். இண்டிகேட்டரில் ஃபில்டரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பதுண்டு. மெகாஹெர்ட்ஸ் இரைச்சல் ஆம்பிளிஃபயரின் நுழைவாயிலிலேயே டிசி பிழையாக மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஃபில்டருக்கு அது உண்மையான எடை போலவே தெரியும். இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

[காட்சி: திறந்த பேனல். மோட்டார் கேபிளின் பின்னல் ஷீல்டு வால் போல முறுக்கப்பட்டு, பச்சை மஞ்சள் கம்பியோடு எர்த் பாரில் போய்ச் சேர்கிறது.]

இந்த வரிசையில் போட்டிருப்பது ஷீல்டு உள்ள கேபிள்தான். அதுதான் பலரைக் குழப்புகிறது. பேனலைத் திறந்தால் இப்படி இருக்கும்: தாமிரப் பின்னலைப் பிரித்து, முறுக்கி, ஒரு லக் அடித்து, 15 சென்டிமீட்டர் வாலாக எர்த் பாரில் கட்டியிருப்பார்கள். வயர்மேன் தம்பி சொல்வதும் நியாயமாகத்தான் படும்:

"அண்ணே, எர்த் கொடுத்துதான இருக்கு. மீட்டர் வச்சுப் பாருங்க, ஸீரோ ஓம் காட்டுது."

சார்ஜ்மேன் அண்ணன் சொல்ல வேண்டிய பதில்: "மீட்டர் டிசியில பாக்குது தம்பி. இங்க ஓடுறது 10 மெகாஹெர்ட்ஸ்."

அந்த வால், 1 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நானோஹென்றி இண்டக்டன்ஸ் கொண்டது. 15 சென்டிமீட்டருக்கு 150 நானோஹென்றி. 50 ஹெர்ட்ஸில் அதன் தடை ஓமில் ஒரு லட்சத்தில் ஐந்து பங்கு கூட இல்லை. 10 மெகாஹெர்ட்ஸில் அதே வால் 9 ஓமுக்கு மேல் காட்டுகிறது. அதன் வழியே 1 ஆம்பியர் துடிப்பு போனால், ஷீல்டு முழுவதும் எர்த்தை விட 9 வோல்ட் உயர்ந்து ஆடும். 30 மீட்டர் நீளத்துக்கு ஆடும் அந்த ஷீல்டு, இரைச்சலை மறைக்காது. ஆண்டெனா ஆகிவிடும்.

சரியான முறையைப் பார்ப்போம். முதலில் டிரைவுக்கு மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் இறங்க, டிரைவின் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருங்கள். டிசி முனைகளில் மீட்டர் வைத்து, இறங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

[காட்சி: வெளி உறையை வட்டமாகக் கீறி உரிப்பது. பின்னல் அப்படியே தெரிகிறது.]

வெளி உறையை மட்டும் 3 சென்டிமீட்டர் அளவுக்கு வளையமாக உரியுங்கள். பின்னலின் இழைகளில் கத்தி படக்கூடாது. பின்னலைப் பிரிக்க வேண்டாம், முறுக்க வேண்டாம். தெரியும் அந்தப் பகுதியை ஓர் உலோகக் கிளாம்ப் சுற்றிலும் இறுகப் பிடித்து, பேனலின் பின்தகட்டோடு அழுத்த வேண்டும். கேபிளின் முழுச் சுற்றும் உலோகத்தைத் தொட வேண்டும். டிரைவின் கீழேயே இதற்கென்று ஒரு தகடு பல டிரைவ்களில் வரும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்தகடு பெயின்ட் அடித்ததாக இருந்தால், கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு என்றால் அந்த வேலை இல்லை. கடற்காற்று அடிக்கும் பினாங்கில், சுரண்டிய இரும்பைப் பாதுகாக்காமல் விட்டால் துரு பிடித்து அந்தத் தொடர்பு மெல்லக் கெடும். ஆகவே புதிய பேனலுக்குத் துத்தநாகத் தகட்டையே நான் கேட்பேன்.

கிளாம்ப்புக்குப் பிறகும் பின்னலை வெட்டாமல், டிரைவின் முனைகளுக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோங்கள். ஷீல்டுக்கு வெளியே தெரியும் கம்பி ஒவ்வொரு சென்டிமீட்டரும் பேனலுக்குள் கதிர்வீசும். இன்னொன்று: ஷீல்டு எர்த் கம்பிக்கு மாற்று இல்லை. பாதுகாப்பு எர்த் கம்பி தனியாக எர்த் பாருக்குப் போகட்டும்.

[காட்சி: மோட்டாரின் முனைப் பெட்டி. உலோக கிளாண்ட் திறந்த நிலையில்.]

மோட்டார் பக்கமும் இதே போலத்தான். ஷீல்டை முழுச் சுற்றும் பிடிக்கும் உலோக கிளாண்ட் போட்டு, முனைப் பெட்டியோடு சேர்க்க வேண்டும். இங்கே ஒரு பழக்கம் குறுக்கே வரும். "ஷீல்டை ஒரு பக்கம்தான் எர்த் பண்ணணும், ரெண்டு பக்கமும் பண்ணா லூப் வந்துடும்" என்று படித்திருப்போம். அது லோட் செல் போன்ற சிறிய சிக்னலுக்கான விதி. அங்கே ஷீல்டில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடாமல் தடுக்க வேண்டும். மோட்டார் கேபிளின் ஷீல்டுக்கு மின்னோட்டத்தைத் திருப்பிக் கொண்டு வருவதே வேலை. ஒரு முனையை விட்டுவிட்டால், மோட்டார் உடலில் இறங்கிய இரைச்சலுக்குத் திரும்ப வழி இல்லை, அது தொட்டிச் சட்டத்தில் ஏறும். ஆகவே மோட்டார் கேபிளுக்கு இரண்டு முனையிலும். லோட் செல்லுக்கு, இண்டிகேட்டர் தயாரிப்பாளர் சொல்லும் முறையில்.

நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் இன்னோர் இடம், மோட்டார் அருகில் இருக்கும் ஐசொலேட்டர். பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே வரும் ஷீல்டும் வெளியே போகும் ஷீல்டும் வெட்டி, டேப் சுற்றி விட்டிருப்பார்கள். பேனலில் எவ்வளவு அழகாகக் கிளாம்ப் போட்டாலும், இங்கே ஷீல்டு அறுந்துவிட்டது. உலோகப் பெட்டியாக மாற்றி, இரண்டு பக்கமும் உலோக கிளாண்ட் போடுங்கள். பெட்டியே ஷீல்டின் தொடர்ச்சி ஆகிவிடும்.

[காட்சி: ஒரே டிரங்கிங்கில் மோட்டார் கேபிளும் லோட் செல் கேபிளும் சேர்ந்து போகின்றன.]

இனி வழித்தடம். இந்த வரிசையில் லோட் செல் கேபிள், மோட்டார் கேபிளோடு ஒரே டிரங்கிங்கில் 20 மீட்டருக்கு மேல் கூடவே வருகிறது. நல்ல ஷீல்டும் நூறு சதவீதம் அடைத்துவிடாது. இணையாகப் போகும் நீளம் கூடக் கூட, தொற்றும் இரைச்சலும் கூடும். லோட் செல் கேபிளைத் தனி டிரேயில், குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். இடம் இருந்தால் 50. சில டிரைவ் கையேடுகள் 50 என்றே கேட்கும். எங்காவது ஒன்றை ஒன்று கடந்தே ஆக வேண்டும் என்றால், செங்குத்தாகக் கடக்கட்டும். மிச்சமான மோட்டார் கேபிளைச் சுருட்டி வைக்க வேண்டாம், வெட்டிவிடுங்கள். நீளம் குறைந்தால் கசியும் மின்னோட்டமும் குறையும்.

எதை முதலில் செய்வது? நான் ஷீல்டின் இரண்டு முனைகளையும் ஐசொலேட்டரையும் முதலில் எடுப்பேன். அரை நாள் வேலை. டிரே மாற்றுவதற்கு உற்பத்தியை நிறுத்த வேண்டியிருக்கும். ஷீல்டைச் சரி செய்ததும், அதே 0 ஹெர்ட்ஸ் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தாவல் குறைந்து, முழுதாகப் போகவில்லை என்றால், அப்போது டிரேயைத் தொடலாம்.

[காட்சி: பேட்டரி வானொலியோடு ஒருவர் கேபிள் டிரேயை ஒட்டி நடக்கிறார்.]

இரைச்சல் எங்கே கசிகிறது என்று தேட விலையுயர்ந்த கருவி இல்லாதபோது, பேட்டரியில் ஓடும் பழைய ஏஎம் வானொலி உதவும். நிலையம் எதுவும் வராத இடத்தில் வைத்து, டிரைவை ஓடவிட்டு, கேபிள் வழியே நடந்து செல்லுங்கள். திறந்த முனைகளுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். ஷீல்டு முழுதாக இருக்கும் இடங்களில் உறுமல் குறைவாக இருக்கும், அறுந்த இடத்தில் கூடும். பேனலைத் தாண்டியதும் தணிந்த உறுமல், மோட்டாருக்கு 2 மீட்டர் முன்னால் மறுபடி எழுந்தால், அங்கே பிளாஸ்டிக் ஐசொலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.