1:42இல் கடத்தின் ஒலி

நேயர்களுக்கு வணக்கம். காணொளித் தொகுப்பு கற்பிக்கும் நான், மாணவர்கள் நால்வர் சேர்ந்து தொகுத்த முதல் படத்துக்கு எழுதிக் கொடுத்த குறிப்பைப் பற்றி இன்று பேசுகிறேன். மானாமதுரையில் கடம் செய்யும் குடும்பத்தைப் பற்றிய நான்கு நிமிடப் படம் அது.

“இடையில் இழுக்கிறது” என்று எழுதினால் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் நிமிடமும் வினாடியும் குறித்தே தொடங்கினேன். முதற்குறிப்பு, 0:31. மரக்கட்டையால் மண்ணைத் தட்டும் கை கீழே இறங்கிக்கொண்டிருக்கையிலேயே தூரக்காட்சியிலிருந்து அண்மைக்காட்சிக்கு வெட்டியிருந்ததால், வெட்டு கண்ணில் படவில்லை. அது ஏன் நன்றாக அமைந்தது என்பதை எழுதாவிட்டால், தற்செயலாக வந்தது அடுத்த படத்தில் காணாமற்போய்விடும்.

அடுத்தது 1:42. சூளையிலிருந்து வந்த கடத்தை அந்த அம்மா விரலால் தட்டிக் கேட்கிறார்; படத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் பின்னணி இசை அதை மூடிவிட்டது. “அம்மா தட்டுவது தெரிகிறது, கேட்கவில்லை. இரண்டு வினாடி முன்பே இசையை மெல்லத் தணித்து நிறுத்துங்கள். கடத்தின் ஒலி அடங்கியபின் மூன்று வினாடி, அந்த முற்றத்தின் சூழல் ஒலியை மட்டும் விடுங்கள்” என்று எழுதினேன். ஒலியே இல்லாத வெற்றிடத்தை விட்டால் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். சூழல் ஒலியைத் தனியாகப் பதிவு செய்ய அவர்கள் மறந்திருந்தார்கள். ஆயினும் அதே முற்றத்தில் எடுத்த பேட்டியின் தொடக்கத்தில், யாரும் பேசாமல் கேமரா ஓடிய எட்டு வினாடிகள் மூலக்காட்சியில் கிடந்தன. அவற்றையும் சுட்டிக்காட்டினேன்.

மூன்றாவது 2:05. அங்கே குரல் திடீரெனத் தணிகிறது. முன்பகுதியை ஹெட்போனில் கேட்டும், பின்பகுதியை மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் கேட்டும் தொகுத்திருந்தார்கள். மீட்டரில் குரலின் உச்சம் முன்பகுதியில் மைனஸ் 6 டெசிபல், பின்பகுதியில் மைனஸ் 18. எந்தப் பகுதி யாருடையது என்பது எனக்குத் தெரியும், ஆனால் எழுதவில்லை. முன்பொரு முறை பெயரைக் குறித்து, ஒரு குழு படத்தை விட்டுவிட்டுச் சண்டையில் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். “உங்களில் ஒருவர், ஒரே ஹெட்போனில், முதலிலிருந்து கடைசிவரை ஒலியை மட்டும் சரிசெய்யுங்கள், குரலின் உச்சம் மைனஸ் 12ஐ ஒட்டி நிற்கட்டும்” என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

காட்சிகள் ஒன்றில் ஒன்று கரையும் டிசால்வ்கள் பதினொன்று இருந்தன, நிறமும் சீராக இல்லை. அவற்றை இம்முறை தொடவில்லை. முதல் திருத்தத்துக்கு இரண்டு வேலைகளே போதும்.

நான்கு நாளில் திருத்திய படம் வந்தது. கடம் தெளிவாக ஒலித்தது. நான் மூன்று வினாடி கேட்ட இடத்தில் அவர்கள் ஐந்து விட்டிருந்தார்கள். “1:42: உங்கள் ஐந்துதான் சரி” என்று எழுதித் திருப்பியனுப்பினேன்.