கடைசி உகரத்தை விழுங்காதீர்கள்

தலைவர் அவர்களே, நாற்காலி போடுவதிலிருந்து ஒலிபெருக்கி வரை பார்த்துக்கொண்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தத்தின் பாடல்களை எப்படிப் பிரித்துப் பொருள் கொள்வது என்று பேசச் சொன்னார்கள். சொல் பிரிப்பு, விகுதி, யாப்பு என மூன்றையும் சொல்வதாக ஏற்றிருக்கிறேன். ஒரு பழமொழியைப் பிடித்துக்கொண்டே போகிறேன்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

குரு அர்ஜன் 1604-இல் அமிர்தசரஸில் தொகுத்த அந்த நூலின் மூலப் படியில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. வரி முழுக்க ஒரே தொடராக ஓடும், அதற்கு லாரிவார் என்று பெயர். எங்கே வெட்டுவது என்பதற்குப் பெரிய துணை, சொல்லின் கடைசியில் வரும் குறில். குரு என்று உகரத்தோடு எழுதினால் எழுவாய், குர் என்று வெறும் மெய்போல் நின்று அடுத்த பெயரோடு சேர்ந்தால் 'குருவின்', குரி என்று இகரம் வந்தால் 'குருவால்'. நூலின் தொடக்கமான மூல மந்திரத்தில் வரும் 'குர் பிரஸாதி'யைப் பாருங்கள், முதல் சொல்லில் குறில் இல்லை, இரண்டாவதில் இகரம், ஆகவே 'குருவின் அருளால்'. வேற்றுமை உருபு படித்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். பேராசிரியர் சாஹிப் சிங் இந்த விகுதிகளை ஒழுங்காக வகுத்து இலக்கணமே எழுதினார். ஆனால் ஓதும்போது இந்தக் கடைசிக் குறில்கள் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. காதால் கேட்பதும் பொய் என்றது இங்கே அப்படியே பொருந்துகிறது.

சரி, கண்ணையாவது நம்பலாமா? திலங் ராகத்தில் குரு நானக் பாடியது: 'யக் அரஜ் குஃப்தம் பேஸி தோ, தர் கோஸ் குன் கர்தார்'. ஒரு விண்ணப்பம் சொன்னேன் உன் முன்னால், காதில் வாங்கிக்கொள் படைத்தவனே. பேஸி என்பதில் இகரம் இருக்கிறது. விதிப்படி 'முன்னில்' என்று ஏழாம் வேற்றுமை சொல்லிவிடலாம், பொருளும் ஏறக்குறைய வந்துவிடும், ஆனால் 'உன்' என்னும் தோ தனியாகத் தொங்கும். இந்த இகரம் இந்திய வேற்றுமை உருபே இல்லை, பாரசீகத்தில் இரண்டு சொற்களைக் கோக்கும் இஸாஃபத். 'பேஷ்-ஏ தோ' தான் நூலின் குர்முகி எழுத்தில் இப்படி விழுந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், முதலில் வினையைத் தேடுங்கள். குஃப்தம், குன் இரண்டும் பாரசீக வினைகள், அதனால் வரி பாரசீக இலக்கணத்தில் நடக்கிறது, கர்தார் மட்டும் நம் பக்கத்துச் சொல். இதிலும் ஒரு எல்லை உண்டு, அதே பாட்டில் 'ஹேசி ந தானீ' என்று வருகிறதே, ஒன்றும் அறியாய் என்று, அந்த ஹேசியின் இகரம் வேற்றுமையும் இல்லை, இஸாஃபத்தும் இல்லை, வெறும் எழுத்துமுறை.

இந்தப் பாட்டால் எங்கள் நண்பர் வீட்டு மாடியில் ஒரு சண்டையே நடந்தது. அடுத்த வரி 'ஹகா கபீர் கரீம் தூ, பேஐப் பர்வதகார்'. தபால் துறையில் ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எழுந்து, பார்த்தீர்களா, நானக் கபீர்தாசரை நேரே கூப்பிடுகிறார் என்றார். பெரியவர் சொன்னால் மறுக்கத் தயக்கம், இரண்டு பேர் தலையாட்டினார்கள். கபீரின் பாடல்களும் அதே நூலில் இருப்பதால் அவர் பேச்சுக்கு வலு இருந்தது. டீ வந்தது, ஆறியது, சூடாக்கி மறுபடி வந்தது, அண்ணன் விடவில்லை. கடைசியில் அந்த வீட்டு அக்கா சமையலறையிலிருந்து வந்து, "அண்ணே, பக்கத்துல இருக்கிற கரீம் யாரு? பேஐப் யாரு? அவங்களும் கவிஞர்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான், கூட்டம் சிரித்துவிட்டது, அண்ணனும் சிரித்தார். கரீம் அருளாளன், பேஐப் குற்றமற்றவன், பர்வதகார் காப்பவன். அந்த வரிசையில் கபீர் என்றால் 'பெரியவன்' என்னும் அரபுச் சொல். கண்ணால் காண்பதும் பொய்!

பல்லவியில் இன்னும் வேடிக்கை, 'மம ஸர் மூஇ அஜ்ராயீல் கிரஃப்தஹ்': மம சமஸ்கிருதம், ஸர் மூஇ பாரசீகம், அஜ்ராயீல் மரண தூதன். என் தலைமயிரை எமன் பிடித்திருக்கிறான். முடிவு வரியில் 'புகோயத்', 'துரா' என்று பாரசீகம் பேசி, உடனே 'தேரே' என்று பஞ்சாபிக்கு வந்துவிடுகிறார். ஆக மொழியை வரிக்கு வரி இல்லை, சொல்லுக்குச் சொல் பார்க்க வேண்டும். ஐயம் வந்தால் கான் சிங் நாபாவின் 1930-ஆம் ஆண்டு அகராதியான மகான் கோஷைப் புரட்டுங்கள், எந்த மொழிச் சொல் என்றும் சொல்லும்.

யாப்புக்கு நேரமில்லை, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆனால் என் கோரிக்கையைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். நம் வட்டம் தமிழ் எழுத்தில் போடவிருக்கும் ஒலிபெயர்ப்பில் 'நாமு', 'புரகு', 'பிரஸாதி' எல்லாம் நாம், புரக், பிரஸாத் என்று மொட்டையாக நிற்கின்றன. ஓதுபவருக்கு அது போதும், பொருள் தேடுபவருக்குக் கதவு அடைத்துவிடும். ஒலிக்காத குறிலைச் சிறிய எழுத்தில் மேலே ஏற்றி அச்சிடுங்கள், ஓதவும் படிக்கவும் ஒரே பக்கம் போதும். தீர விசாரிக்க வாசகருக்கு அந்த ஒரு குட்டி எழுத்தாவது வேண்டாமா? மெய்ப்பு இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை என்று செயலாளர் சொன்னார். திருத்தும் வேலையை நானே உட்கார்ந்து செய்து தருகிறேன், கூட வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகில் பெயர் கொடுங்கள்.