மூலப்படமும் அனுப்பும் நகலும்

வணக்கம். முகத்தைத் திருத்தி முடித்த ஒரு படத்தை அதன் பிறகு எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு வயதான அம்மாவின் படத்தை மூன்று மாலைகள் உட்கார்ந்து திருத்தினேன். சுருக்கங்களைத் தொடவில்லை, மூக்குக்கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தை மட்டும் எடுத்தேன். அகலம் 6000 புள்ளி. அப்போது மூலத்தையும் ஜேபெக்காகவே வைத்திருந்தேன். மகளுக்குப் போனில் அனுப்ப 2000 புள்ளிக்குச் சுருக்கி, 'சேமி' என்று அழுத்தினேன். அதே பெயர், அதே ஃபோல்டர். பெரியது போய்ச் சிறியது உட்கார்ந்துகொண்டது. அன்றிரவே இன்னொரு டிஸ்க்கிலும் அது தானாக நகலாகி, அங்கிருந்த நல்ல படத்தையும் அழித்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மா இறந்துபோனார். மகள் 18 அங்குல அகலத்தில் பிரிண்ட் கேட்டார். அங்குலத்துக்கு 333 புள்ளி கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 111தான் இருந்தது. அதைவிட வலித்தது கன்னம். வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெல்ல இறங்க வேண்டிய தோல், படிப்படியாக, கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுண்ணிய வித்தியாசங்களைக் கழித்துவிடும். இலைகள், துணி நெசவு என்றால் அது கண்ணில் படாது. தோலில்தான் முதலில் தெரியும். திரும்பத் திறந்து, மாற்றி, சேமிக்கும்போது மறுபடியும் கழியும்.

அதனால் இப்போது மூலத்தை டிஃப் கோப்பாக, 16 பிட்டில், லேயர்களை ஒன்றாக்காமல் அப்படியே வைக்கிறேன். கோப்பின் அளவைச் சுருக்க ஜிப் முறை. அதில் ஒரு புள்ளிகூட மாறாது. எல்இசட்டபிள்யூ முறையும் எதையும் இழக்காது, ஆனால் 16 பிட் படத்தைச் சில நேரம் இன்னும் பெரிதாக்கிவிடும். 24 மெகாபிக்சல் படம் லேயர் இல்லாமலே, சுருக்குவதற்கு முன், 144 எம்பி வரும். வரட்டும், மூலம் அப்படித்தான் இருக்கும்.

அனுப்பும் நகல் வேறு ஃபோல்டரில், வேறு பெயரில் இருக்கும். `amma_01_master.tif` மூலம், `amma_01_share2000.jpg` நகல். நகலை எஸ்ஆர்ஜிபி நிறத்தில் எடுத்தால் போனில் தோல் வெளிறாது. திருத்தம் வேண்டுமா? மூலத்தைத் திறந்து திருத்தி, புது நகல் எடுங்கள். மறுபடி சொல்கிறேன், நகலை ஒருபோதும் திருத்தாதீர்கள். நகல் தொலைந்தால் ஒரு நிமிடத்தில் இன்னொன்று எடுக்கலாம்.

அப்புறம் பாதுகாப்பு நகல். தானாக ஒத்திசையும் டிஸ்க் மட்டும் போதாது, நம் தவறையும் அது ஒத்திசைக்கும் என்று பார்த்தோம். மூலங்கள் மட்டும் இன்னொரு டிஸ்க்கில், வேலை முடிந்ததும் கழற்றி வைத்ததாக, முடிந்தால் வேறு வீட்டில் இருக்கட்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கை மாட்டி நாலைந்து மூலங்களைத் திறந்து பாருங்கள். சிறுபடத்தைப் பார்த்து நம்ப வேண்டாம். முழு அளவில், கீழ் ஓரம் வரை பாருங்கள். பாதியில் நின்றுபோன கோப்பு திறக்காமலே போகலாம், திறந்தாலும் அங்கேதான் வெற்றுப் பட்டையாகத் தெரியும். வணக்கம்.