பத்தாவது ஜன்னலுக்கு ஐந்து ஷில்லிங்

[திரையில்: பழைய செங்கல் வீடு. மாடியில் ஒரு ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடைப்பு.]

இங்கிலாந்தின் பழைய தெருக்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறையக் கண்ணில் படும். மேலே வளைவு இருக்கிறது, கீழே திண்டு இருக்கிறது, நடுவில் மட்டும் செங்கல். சிலர் அழகுக்காகவே இப்படிப் போலி ஜன்னல் வைத்துக் கட்டினார்கள். மற்றபடி, இருந்த ஜன்னலை அடைத்தவர்கள் பலர். காரணம், வரி.

1696 முதல் 1851 வரை, 155 ஆண்டுகள், அங்கே ஜன்னல் வரி இருந்தது. பாடப்புத்தகத்தில் நல்ல வரிக்கு நான்கு விதிகள் படித்திருப்பீர்கள்: சமத்துவம், உறுதித்தன்மை, வசதி, சிக்கனம். 1776இல் ஆடம் ஸ்மித் சொன்னவை. மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோகிற பகுதி அது. இன்று அந்த நான்கையும் இந்த ஒரே வரிமேல் வைத்துப் பார்க்கலாம்.

[திரையில்: அடுப்பங்கரை, கணப்பு எரிகிறது]

முதலில், ஜன்னலை ஏன் பிடித்தார்கள்? அதற்கு முன்னால் 1662இல் கணப்பு வரி என்று ஒன்று வந்தது. குளிர் காயவும் சமைக்கவும் வீட்டில் எத்தனை கணப்பு இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங். கணப்பை எண்ண வேண்டுமானால் வரி வசூலிப்பவர் வீட்டுக்குள் வர வேண்டும், படுக்கையறை வரைக்கும். ஜனங்களுக்குப் பணம் போனதைவிட இதுதான் பொறுக்கவில்லை. 1689இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

ஏழு ஆண்டு கழித்து வந்ததுதான் ஜன்னல் வரி. இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ஜன்னலைத் தெருவில் நின்றபடியே எண்ணலாம். கதவைத் தட்ட வேண்டியதில்லை. நீங்கள் எண்ணினாலும் அதே கணக்கு, அதிகாரி எண்ணினாலும் அதே கணக்கு. உறுதித்தன்மை என்பது இதுதான்: எவ்வளவு, எப்போது, எப்படிக் கட்ட வேண்டும் என்பது கட்டுகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், வசூலிப்பவரின் மனம்போல மாறக் கூடாது. வரியில் கொஞ்சம் நிச்சயமின்மை இருப்பது, நிறைய ஏற்றத்தாழ்வு இருப்பதைவிட மோசம் என்பது ஸ்மித்தின் கருத்து. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. தொகை தெரிந்தால் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். தெரியாவிட்டால் அதிகாரியின் தயவில்தான் வாழ வேண்டும்.

அதற்காக ஜன்னல் வரியில் தகராறே வரவில்லை என்று நினைக்காதீர்கள். பின்னாளில் பால் பதப்படுத்தும் அறைக்கும் பாலாடைக்கட்டி அறைக்கும் விலக்கு கொடுத்தார்கள். உடனே அந்த அறைகளின்மேல் இன்ன அறை என்று பெயர் எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

[திரையில்: இடப்பக்கம் கிராமத்து வீடு, நீண்ட வரிசையாக ஜன்னல்கள். வலப்பக்கம் லண்டன் வீடு, ஒடுங்கிய முகப்பு.]

அடுத்தது சமத்துவம். அவரவர் சக்திக்குத் தக்கபடி வரி. பெரிய வீடு, நிறைய ஜன்னல், அப்படியானால் பணக்காரர் என்று அரசு கணக்குப் போட்டது. ஸ்மித் அங்கேதான் மடக்குகிறார். சிற்றூரில் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை பெறும் வீட்டில், லண்டனில் 500 பவுண்டு வாடகை பெறும் வீட்டைவிட அதிக ஜன்னல்கள் இருக்கலாம் என்கிறார். ஊர்ப்புறத்தில் நிலம் மலிவு, வீடு பரந்து கிடக்கும். லண்டனில் வாடகை இடத்துக்கு, ஜன்னலுக்கு இல்லை. எளிதில் எண்ணக்கூடிய ஒன்றைத் தேடி எடுத்தார்கள். அது சக்தியைக் காட்டவில்லை.

வசதி விதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கையில் பணம் இருக்கும் நேரத்தில் கேள், அவ்வளவுதான். சம்பளம் வரும்போதே டிடிஎஸ் பிடிப்பது இதற்கு நல்ல உதாரணம். ஜன்னலோ சம்பாதித்துத் தராது. அது பாட்டுக்குச் சுவரில் இருக்கும்.

இனி சிக்கனம். வசூலிக்க ஆகும் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். ஸ்மித் சொன்னது அதைவிடப் பெரியது. வரியால் மக்கள் இழப்பதற்கும் கஜானாவுக்கு வந்து சேர்வதற்கும் நடுவே உள்ள இடைவெளி முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும். ஆள் சம்பளம் அந்த இடைவெளியில் ஒரு பகுதி மட்டுமே. மிச்சத்தைப் பார்க்க 1747ஆம் ஆண்டின் விகிதத்தை எடுத்துக்கொள்வோம்.

[திரையில்: 9 வரை – இல்லை, 10–14 – ஜன்னலுக்கு 6 பென்ஸ், 15–19 – 9 பென்ஸ், 20 முதல் – 1 ஷில்லிங்]

வீட்டுக்கென்று உள்ள 2 ஷில்லிங் தனி, அதை விட்டுவிடுவோம். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஒன்பது ஜன்னல் வரை வரியே இல்லை. பத்தாவது வந்துவிட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை, பத்துக்கும் சேர்த்து 6 பென்ஸ் வீதம். அறுபது பென்ஸ், அதாவது 5 ஷில்லிங். பதினான்கு ஜன்னலுக்கு 7 ஷில்லிங். பதினைந்து ஆனால் ஒரேயடியாக 11 ஷில்லிங் 3 பென்ஸ்.

பத்து ஜன்னல் வைத்திருக்கும் குடும்பத்தலைவர் என்ன செய்வார்? ஒன்றை அடைத்துவிடுவார். அவருக்கு 5 ஷில்லிங் மிச்சம், ஆனால் ஒரு அறை இருட்டு. அரசுக்கு ஒரு பென்னிகூட வரவில்லை. வெளிச்சம் போனது, அது யாருக்கும் போய்ச் சேரவும் இல்லை. வசூல் கணக்கில் தெரியாத இந்த நஷ்டத்தைத்தான் பொருளாதாரத்தில் மிகைச் சுமை என்கிறார்கள். பழைய வரிப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், வீடுகள் 9, 14, 19 ஜன்னல்களில் குவிந்து நிற்பதைக் கண்டார்கள். ஒரு வரி இந்தக் குற்றத்தைச் செய்கிறதா என்று கண்டுபிடிக்க இதுவே வழி: எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் கூட்டம் சேர்கிறதா என்று பாருங்கள்.

[திரையில்: ரூ. 12,00,000]

சரி, அந்தப் பத்தாவது ஜன்னல் நம் வருமான வரியில் இருக்கிறதா? “சம்பளம் கூடினால் அடுத்த ஸ்லாபுக்குப் போய்விடுவேன், மொத்தத்துக்கும் அதிக வரி” என்று அலுவலகத்தில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அது தவறு. ஸ்லாபில் கோட்டைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் புதிய விகிதம்.

ஆனால் ஒரு இடத்தில் அந்தப் பயம் நியாயம். 2025–26 நிதியாண்டில், புதிய வரி முறையில், வரிக்குரிய வருமானம் 12 லட்சம் என்றால் கணக்குப்படி வரும் 60,000 ரூபாயும் தள்ளுபடி. 10,000 ரூபாய் கூடினால் வரி 61,500. பத்தாயிரம் அதிகம் சம்பாதித்து அறுபத்தோராயிரத்து ஐந்நூறு கட்டுவதா? அதனால்தான் சட்டத்தில் விளிம்பு நிவாரணம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலோ, வரி அதைத் தாண்டாது. ஆகவே அவர் கட்டுவது 10,000, அப்புறம் அதன்மேல் 4 சதவீத செஸ்.

பள்ளத்தை இப்படிச் சரிவாக்கியாயிற்று. ஆனால் சரிவைக் கூர்ந்து பாருங்கள். 12 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் வரை, கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வரிக்கே போகிறது. செஸ்ஸையும் சேர்த்தால் ரூபாய்க்கு 1 ரூபாய் 4 பைசா. அந்த எல்லைக்குள் 30,000 ரூபாய் போனஸ் வாங்குகிறவர், 31,200 கட்டுகிறார்.